நடந்த நேரமா, எழுதிய நேரமா: எதை வைத்து வரிசைப்படுத்துவது?

மருத்துவ அலட்சியப் புகார் விசாரணைக்காக நர்ஸ் குறிப்பு, லேப் ரிப்போர்ட், டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே காலவரிசையில் கோக்கும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும்.

ஓர் உதாரணம். பொட்டாசியம் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தது 02:10, முடிவு வந்தது 03:05. "3:15க்கு நோயாளியைப் பார்த்தேன்" என்ற டாக்டர் குறிப்பு பதிவானதோ 06:40க்கு, அதற்குள் 05:50க்கு நோயாளியின் இதயம் நின்றுவிட்டது.

நடந்த நேரப்படி அடுக்கினால் சிகிச்சையின் போக்கு தெளிவாகப் புரியும், ஆனால் அந்தக் குறிப்பு 03:15ல் போய் உட்கார்ந்து, அப்போதே எழுதியது போலத் தோன்றும். எழுதிய நேரப்படி அடுக்கினால் அது பின்னால் எழுதியது என்பது பளிச்சென்று தெரியும், ஆனால் கதை முன்னும் பின்னும் குதிக்கும், அப்புறம் 03:15க்கு யாருமே வரவில்லை என்றுகூடப் படிப்பவர் நினைத்துவிடலாம், அதுவும் ஒரு சாய்வுதான்.

நான் நடந்த நேரப்படிதான் அடுக்குவேன். பக்கத்திலேயே பதிவான நேரத்துக்கும் பக்க எண்ணுக்கும் தனி நெடுவரிசை கட்டாயம். வரி இப்படி இருக்கும்: "03:15, நோயாளியைப் பார்த்ததாக டாக்டர் குறிப்பு, பதிவு 06:40. 03:15க்கு நர்ஸ் குறிப்பில் பதிவு இல்லை." "பதிவு இல்லை" என்பதை "பார்க்கவில்லை" என்று மாற்றக் கூடாது, "தாமதமாக" என்ற சொல்லும் வேண்டாம்; அதை முடிவு செய்ய வேண்டியவர் நிபுணர்.