தரக்குறைப்பு வந்தால்: டாலர் கடனா, சொந்த நாணயக் கடனா?

ஒரு நாட்டின் கடன் தரமதிப்பீடு BBB-இலிருந்து BBB- ஆக இறங்கினால் சலசலப்போடு போய்விடும். முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படியான BBB- இலிருந்து BB+ ஆவதுதான் கண்டம். முதலீட்டுத் தரப் பத்திரங்களை மட்டுமே வைத்திருக்க விதியுள்ள நிதியங்கள் அப்போது விற்றாக வேண்டும்.

அந்த நாடு 100 கோடி டாலரை 5% வட்டிக்கு வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விற்பனையில் அதன் நாணயம் சரிந்து, டாலரின் மதிப்பு உள்நாட்டு நாணயத்தில் 50-இலிருந்து 60-ஆக ஏறினால், 5,000 கோடியாக இருந்த கடன் உள்நாட்டுக் கணக்கில் 6,000 கோடியாகிறது. ஆண்டு வட்டி 250 கோடியிலிருந்து 300 கோடி. ஒப்பந்த வட்டி மாறவே இல்லை, நாணயம் மட்டும் செய்த வேலை இது. பத்திரம் முதிர்ந்து, 7% வட்டிக்குப் புதுக்கடன் வாங்கும்போது அது 420 கோடியாகும். கடன் கனக்க, அடுத்த தரக்குறைப்புக்கும் அதுவே காரணமாகலாம்.

அதே 5,000 கோடியைச் சொந்த நாணயத்தில் வாங்கியிருந்தால் அசல் அப்படியே நிற்கும். மாற்று விகித நட்டம் வெளிநாட்டு முதலீட்டாளரின் தலையில். ஆனால் அவர் பத்திரத்தை விற்று டாலராக்கி வெளியேறும்போது நாணயம் சரிகிறது, புதுக்கடனுக்கான வட்டியும் ஏறுகிறது. 2020 மார்ச்சில் தரமதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் தரத்தைக் குறைத்ததால் தென்னாப்பிரிக்கா முக்கிய உலகப் பத்திரக் குறியீட்டிலிருந்தே வெளியேற நேர்ந்தது. கடனில் பெரும்பகுதி சொந்த நாணயமான ராண்டில் இருந்ததால் அசல் ஊதிப் பெருகவில்லை.

என் ஓட்டு இரண்டாவதற்கே, தொடக்க வட்டி கூடுதலாக இருந்தாலும்.