சிலாங்கூர் ஆறு: குழாய்க்கா, மின்மினிக்கா?

2020 செப்டம்பரில் மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றில் ஏதோ கழிவு கலந்து நாற்றமடிக்க, சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் இல்லை. செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கீழே லாரிக்கு வாளியோடு நின்றபோது, ஆற்றைக் கெடுத்தவன் யாருக்குத் தீங்கு செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. நமக்குத்தான்! மனிதருக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் அளவாகக் கொள்ளும் மனித மைய நோக்கின் பலம் இதுதான். நட்டம் யாருடையது என்பது தெரியும், கணக்குப் போடலாம், அபராதமும் விதிக்கலாம்.

இதே ஆறு கீழே கம்போங் குவாந்தானில் வேறு கணக்கைக் கேட்கிறது. அங்கே பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். அவற்றின் புழுக்கள் கரையோர ஈரச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை வெட்டிச் செம்பனை நட்டால், மரத்தை மட்டும் மிச்சம் வைத்தாலும் புழுவுக்குச் சேறு இல்லை. இதையும் மனித மைய நோக்கால் தடுக்கலாம்: படகுக்காரர் வருமானம், பிள்ளைகள் பார்க்க வேண்டிய காட்சி. சரி, சுற்றுலாப் பயணிகளுக்கு அலுத்துவிட்டால்? 1973இல் தத்துவவாதி ரிச்சர்ட் ரூட்லி இதை எல்லைவரை இழுத்தார். உலகின் கடைசி மனிதன் சாகும் முன் மரங்களையும் விலங்குகளையும் அழித்தால் தவறா? பாதிக்கப்பட மனிதர் எவருமில்லை. ஆனாலும் தவறு என்றே நமக்குப் படுகிறது. மனிதருக்குப் பயன்படாவிட்டாலும் இயற்கைக்கு உள்ளார்ந்த மதிப்பு உண்டு என்போர் பிடித்துக்கொள்ளும் இடம் இது. நானும் இங்கே அவர்கள் பக்கம்தான்.

ஆனால் மதிப்பு வேறு, தார்மீகத் தகுதி வேறு. தகுதி என்றால், ஒன்றுக்கு நேரும் தீங்கை அதன் பொருட்டே நாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது. பழைய சிற்பத்துக்கு மதிப்புண்டு. அதை உடைத்தால் சிற்பத்துக்கு வலிக்காது. கடல்நீர் மேலேறினால் பெரெம்பாங் அழிந்து வேறு சதுப்பு மரம் வளரலாம். மின்மினிக்கு அது நட்டம். ஆற்றுக்கு? எது அதற்கு நல்லது என்று யார் சொல்வது?

நியூசிலாந்து 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்ட நபராக்கி, அதன் சார்பில் பேச இருவரை வைத்தது: ஒருவரை அரசும் மற்றவரை ஆற்றோர மவோரிகளும் நியமிக்கிறார்கள். அதே ஆண்டு மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் நபர்கள் என்றது. வெள்ளம் வந்தால் இழப்பீடு யார் தலையில் என்று மாநில அரசு மேல்முறையீட்டில் கேட்க, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆற்றின் பெயரில் பேச ஆளையும் அவருக்கு அதிகாரத்தையும் முதலில் ஏற்பாடு செய்த இடத்தில் இந்த யோசனை நிலைத்து நிற்கிறது.

ஆனால் சட்ட நபர் என்பது தார்மீகத் தகுதிக்குச் சாட்சி அல்ல. கம்பெனியும் சட்ட நபர்தான். இந்தியச் சட்டத்தில் கோயில் மூர்த்தியும் அப்படியே. நிலம் அவர் பெயரில் இருக்கும், வழக்குக்கு வேறொருவர் போவார். என் கணக்கில் தகுதி மின்மினிக்கும் நத்தைக்கும். ஆற்றுக்குக் கொடுப்பது வக்காலத்து. அந்த வக்காலத்தை நான் குறைவாக எண்ணவில்லை. கரையை வெட்ட அனுமதி கேட்டு மனு வந்தால், எத்தனை படகு ஓடுகிறது என்று மட்டும் பார்க்காமல், ஈரச் சேறு எத்தனை அடி அகலத்துக்கு மிஞ்சும் என்று கேட்கவும் ஓர் ஆள் இருப்பார்.