வினைமாற்றமும் கூற்றுமாற்றமும்: படத்தைப் பார்த்து எழுதுவதா, எழுத்தைப் பிரித்தெடுத்து எழுதுவதா?

இலக்கணப் பயிற்சிப் பக்கம் போட்டோவாக வந்தால் வழி இரண்டு. படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் படித்து விடை எழுதலாம். இல்லையென்றால் செயலியில் போட்டு எழுத்துகளைப் பிரித்தெடுத்து, அதையே திருத்தி விடையாக்கலாம். இரண்டாவது வேகமானது. ஆனால் எல்லாப் பயிற்சிக்கும் அதை நம்ப முடியாது.

செய்வினை, செயப்பாட்டுவினைக்கு நான் பிரித்தெடுப்பதையே சொல்வேன். ‘சிற்பி சிலைகளைச் செதுக்கினான்’ என்ற வாக்கியம் ‘சிலைகள் சிற்பியால் செதுக்கப்பட்டன’ என்று மாறுகிறது. ‘ஐ’ போகிறது, எழுவாயோடு ‘ஆல்’ சேர்கிறது, வினை ‘செதுக்கப்படு’ ஆகிறது. மங்கலான படத்தில் செயலி ‘செதுக்கினான்’ என்பதைச் ‘செதுக்கினாள்’ என்று படித்தாலும் விடை கெடாது. அந்த விகுதியே விடையில் கிடையாது, புது வினை சிலைகளைப் பார்த்துத்தான் முடிகிறது. துணைக்காலை ‘ர’ என்று படித்துவிட்டால் ‘செதுக்கினரன்’ என்று வரும், பார்த்ததுமே தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது ‘கள்’ மட்டும். பக்கம் மடியும் இடத்தில் அது மறைந்து ‘சிலை’ என்று மட்டும் வந்தால், ‘செதுக்கப்பட்டது’ என்று தவறான விடையைத் தயங்காமல் எழுதிவிடுவோம்.

கூற்று மாற்றத்தில் கதையே வேறு. அங்கே விடையைத் தீர்மானிப்பது மேற்கோள் குறி. செயலி முதலில் தொலைப்பதும் அதைத்தான். ஒருமுறை எனக்கு இப்படி வந்தது:

குமரன் நேற்று நான் வந்தேன் என்று கூறினான்.

குறி எங்கே தொடங்குகிறது? ‘குமரன், “நேற்று நான் வந்தேன்” என்று கூறினான்’ என்றால், விடை ‘முந்தைய நாள் தான் வந்ததாகக் குமரன் கூறினான்’. ‘குமரன் நேற்று, “நான் வந்தேன்” என்று கூறினான்’ என்றால், ‘தான் வந்ததாகக் குமரன் நேற்று கூறினான்’. முதலாவதில் ‘நேற்று’ குமரனின் பேச்சு, அதனால் மாறுகிறது. இரண்டாவதில் அது வாக்கியத்தை எழுதியவரின் சொல், அப்படியே நிற்கிறது. கூற்று முடியும் இடத்தை ‘என்று’ காட்டிக்கொடுத்துவிடும். தொடங்கும் இடத்தைக் காட்ட குறியைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிரித்தெடுத்த வரியை மட்டும் பார்த்து நான் எழுதியது இரண்டாவது விடை. அப்புறம் படத்தைப் பெரிதாக்கினால், ‘நேற்று’க்கு முன்னால் பக்க நிழலில் இரண்டு சின்னக் கோடுகள்.

‘ன்’, ‘ள்’ குழப்பமும் இங்கே சும்மா விடாது. “நீ எப்போது வருவாய்?” என்று ராணி கேட்ட ஆள் ‘அவனிடம்’ என்று இருந்தால் விடை ‘எப்போது வருவான் என்று’; ‘அவளிடம்’ என்றால் ‘வருவாள்’. எந்த எழுத்தைத் தவறாகப் படித்தாலும் வாக்கியம் சரியாகவே தோன்றும்.

அதனால் கூற்று மாற்றம் என்றால் படத்தைத்தான் பார்க்கிறேன். எழுத்தைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், வேறு எதையும் தொடுமுன் படத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியிலும் மேற்கோள் குறியைக் கையால் போட்டுவிடுகிறேன். பத்து வாக்கியங்களுக்கு இதைச் செய்து முடிப்பதற்குள், நேரடியாகவே பாதி விடை எழுதியிருக்கலாம்.