துபாய் வேலை: லெட்டர்ஹெட்டில் 1,800 திர்ஹாம், கையெழுத்துப் போட்ட தாளில் 800

திருச்சியில் ஓர் ஏஜென்ட் மூலம் 2023-இல் ஏசி டெக்னீஷியன் வேலைக்கு துபாய் வந்தேன். இன்றும் அதே ஆள் வேறு பெயர்ப்பலகையில் ஆள் எடுப்பதாக ஊரிலிருந்து செய்தி வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். முதல் முறை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் தம்பிகள் பொறுமையாகப் படியுங்கள்.

இன்டர்வியூ முடிந்ததும் என்னிடம் ஒரு தாள் தந்தார்கள். கம்பெனி லெட்டர்ஹெட், கீழே நீல சீல், ‘சம்பளம் 1,800 திர்ஹாம், தங்குமிடம், சாப்பாடு இலவசம்’ என்று ஆங்கிலத்தில் நாலு வரி. இதற்கு 1,20,000 ரூபாய் வாங்கினார்கள். ரசீது போட்டது 30,000-க்கு மட்டும். மீதி எதற்கும் ரசீது இல்லை. அந்த 30,000 சும்மா போட்ட எண் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பே 30,000 ரூபாய்தான். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது சட்டப்படி சுத்தமாக இருக்கும், வசூல் நாலு மடங்கு இருக்கும்.

அடுத்து விசா. கையில் வந்தது விசிட் விசா. “தம்பி, எல்லாரும் இப்படித்தான் போறாங்க, அங்க போனதும் மாத்திக்குவாங்க” என்றார் ஏஜென்ட். ஏர்போர்ட்டில் கேட்டால் சித்தப்பா வீட்டுக்குப் போவதாகச் சொல்லச் சொல்லி, ஒரு டம்மி ரிட்டர்ன் டிக்கெட்டும் கொடுத்தார். விசிட் விசாவில் அங்கே வேலை பார்ப்பது சட்டவிரோதம். பிடிபட்டால் நமக்கும் சிக்கல், வேலை கொடுத்தவருக்கும் பெரிய அபராதம். ஆனால் இதில் பலர் கவனிக்காத இன்னொரு ஓட்டை இருக்கிறது. அங்கேதான் என் சம்பளம் போனது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் கம்பெனி ஆள் எடுக்கும் முறை இதுதான்: அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் லெட்டர் போட வேண்டும். அதில் அரபியும் ஆங்கிலமும் இருக்கும், கூடவே தொழிலாளிக்குப் புரியும் இன்னொரு மொழியும் வைக்கலாம். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. நாம் ஊரிலேயே படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் வேலை விசாவுக்கான நுழைவு அனுமதி வரும். பின்னால் போடும் ஒப்பந்தத்தில் அந்த ஆஃபரைவிடக் குறைத்து எழுத முடியாது. விசிட் விசாவில் போனால் இந்தப் படி மொத்தமும் நழுவிவிடும். அங்கே இறங்கிய பிறகு நீட்டுகிற தாள்தான் முதல் ஆஃபர். அதற்கு முன்னால் வந்த லெட்டர்ஹெட்டுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

எனக்கு அப்படித்தான் ஆனது. விசா, அரசுத் தாள் வேலைகளைப் பார்க்கும் கம்பெனி பி.ஆர்.ஓ டேப்லெட்டில் ஒரு படிவத்தைத் திறந்து விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். மேலே தள்ளிப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 800. இதர அலவன்ஸ் 400. மொத்தம் 1,200. ரூம் உண்டு, சாப்பாடு இல்லை. ஏஜென்ட் 1,800 சொன்னாரே என்றேன். “அது ஓவர்டைம் சேர்த்து மோனே” என்றார் அந்த மலையாளி, கோபமே இல்லாமல். அதற்குள் விசிட் விசா முடியும் நாள் நெருங்கிவிட்டது; தாண்டினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். அவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

மொத்தத்தில் 600 குறைந்தது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். அடிப்படைச் சம்பளம் 800 ஆனதுதான் மெதுவாகக் கடிக்கும். ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தின் மணிக்கணக்கில், அதோடு 25 சதவீதம் கூட்டி வரும். 800-ஐ 30 நாளால், பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 3.33, ஓவர்டைமுக்கு 4 திர்ஹாம் சொச்சம். லெட்டர்ஹெட்டில் இருந்த 1,800 முழுதும் அடிப்படையாக இருந்திருந்தால் அதே மணிக்கு 9 திர்ஹாமுக்கு மேல். வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் வரும் கிராஜுவிட்டியும் 1,260-க்குப் பதில் 560. ஆக, எவ்வளவு சம்பளம் என்று கேட்காதீர்கள், அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது கைச்செலவு. ஏஜென்ட் “இறங்கினதும் கம்பெனி பார்த்துக்கும்” என்பார். வேலை விசாவில் வந்தாலும் மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் ஐடி, சம்பளக் கார்டு எல்லாம் முடிந்து முதல் சம்பளம் கையில் வர இரண்டாவது மாதம் ஆகிவிடும். விசிட் விசாவில் வந்த எனக்கு அதற்கும் முன்னால் காத்திருப்பு. தேரா பக்கம் பெட் ஸ்பேஸ் 600 திர்ஹாம்: ஒரு கட்டில், ஒரு ப்ளக் பாயின்ட், பத்துப் பேருக்கு ஒரு பாத்ரூம். சாப்பாடு, பஸ், போன் தனி. கேம்ப்புக்குப் போன பிறகு மெஸ்ஸுக்கு மட்டும் மாதம் 300. ஊரில் 1,20,000-க்கு மூன்று வட்டி, அதாவது மாதம் 3,600 ரூபாய். அப்போது திர்ஹாம் 22 ரூபாய் சொச்சம், ஆக 160 திர்ஹாம் வட்டிக்கே போயிற்று. இதற்கு மேல் ‘விசா செலவு’ என்று மாதம் 150 பிடித்தார்கள். 1,200-இல் இதெல்லாம் போக வீட்டுக்கு என்ன அனுப்ப? அந்த 150 பிடித்ததே தப்பு. ஆள் எடுக்கும் செலவையும் விசாச் செலவையும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பது 2021-ஆம் ஆண்டு வந்த அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே (33-ஆம் எண்) இருக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதற்கும் அனுமதியில்லை. எங்கள் கம்பெனி இரண்டையும் செய்தது.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. emigrate.gov.in தளத்தில் ஏஜென்ட் பெயரைத் தேடுங்கள்; லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, அதில் உள்ள முகவரியும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகமும் ஒன்றா என்று பாருங்கள். “நாங்க சென்னைக் கம்பெனியோட சப் ஏஜென்ட்” என்றால் எழுந்து வந்துவிடலாம், சப் ஏஜென்ட் என்று சட்டத்தில் ஒருவர் இல்லை. ஆஃபர் லெட்டரில் அரபி இல்லையா, பரிவர்த்தனை எண் இல்லையா, அது வெறும் காகிதம். எண் இருந்தால் அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் mohre.gov.ae தளத்தில் சரிபார்க்கலாம்.

பத்தாவது பாஸ் ஆனவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை இருக்காது, குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அதைத்தான் ஏஜென்டுகள் வசதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அனுமதி தேவையில்லாததால் யாரும் ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை. அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்குக் கட்டாயமாக இருக்கும் 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதீய பீமா காப்பீடும் போடாமல் போய்விடுகிறது. இரண்டு வருடத்துக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய்தான்.

ஏற்கெனவே வந்து மாட்டியவர்கள் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தை 800 46342-இல் கூப்பிடலாம், காசு இல்லை. நான் அங்கே பேசிய பிறகு தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் பதிந்தேன். பாஸ்போர்ட் திரும்பி வந்தது, விசா செலவு பிடிப்பும் நின்றது. சம்பளம் மட்டும் மாறவில்லை, நான் கையெழுத்திட்ட தாளில் அதுதானே இருக்கிறது. பிறகு கம்பெனி மாறினேன்.

ஊரில் அண்ணன் போலீஸில் புகார் கொடுத்தார். ரசீதைக் காட்டி, வாங்கியது 30,000 மட்டுமே என்று ஏஜென்ட் சாதித்தார். அதிர்ஷ்டவசமாக ஏஜென்ட்டின் மனைவி நம்பருக்கு ஜிபே செய்த 40,000-க்கு ஸ்க்ரீன்ஷாட் இருந்தது. அதைக் காட்டியதும் அந்த 40,000 மட்டும் திரும்ப வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 50,000-க்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார்.