‘பிரஷர் டிராப்’ – ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

பெங்களூரு பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்புக்காகக் கம்ப்ரஸ்டு ஏர் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை. படிக்கப்போகிறவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஷிஃப்ட் பார்க்கும் ஃபிட்டர்கள். ரிசீவருக்கும் ட்ரையருக்கும் பெரிய யோசனை தேவைப்படவில்லை. ஷாப்பில் சொல்வதுபோல ‘ஏர் டேங்க்’, ‘ட்ரையர்’ என்றே போட்டாயிற்று. ‘ஏற்புக்கலன்’ என்று எழுதினால் யாரும் டேங்க் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சிக்கல் பிரஷர் டிராப்பில்தான். மூன்று வழிகள் இருந்தன. எல்லா இடத்திலும் ‘அழுத்த வீழ்ச்சி’ என்று எழுதலாம். ‘பிரஷர் டிராப்’ என்று அப்படியே விடலாம். இல்லையென்றால், இடம் பார்த்து இரண்டு பெயர் கொடுக்கலாம்.

நான் தமிழாக்கும் ஆங்கில மூலத்தில் இரண்டு வேறு விஷயங்களுக்கு அந்த ஒரே பெயர் வருகிறது. டேங்க் அத்தியாயத்தில் அது நேரத்தோடு நடக்கும் இறக்கம். ஒரு மெஷின் திடீரென்று அரை நிமிடத்துக்கு, நிமிடத்துக்கு 2,000 லிட்டர் வீதம் கூடுதல் காற்றை இழுக்கிறது என்று வையுங்கள். அதாவது மொத்தம் 1,000 லிட்டர். டேங்க்கில் அழுத்தம் 1 பார் இறங்கலாம் என்றால் ஏறக்குறைய 1,000 லிட்டர் டேங்க் போதும். அரை பார்தான் இறங்கலாம் என்றால் 2,000 லிட்டர் டேங்க் வேண்டும். இங்கே இறக்கம் என்பது கோளாறு இல்லை, டேங்க் செய்கிற வேலையே அதுதான்.

பைப் அத்தியாயத்தில் வருவது ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். “அண்ணே, டேங்க்ல ஏழு கிலோ காட்டுது, மெஷின்ல அஞ்சரைதான் வருது” என்று ஒரு ஃபிட்டர் சொன்னது இந்த ரகம். ஷாப்பில் ‘கிலோ’ என்றால் ஏறக்குறைய ஒரு பார். ட்ரையரும் ஃபில்டரும் தாண்டிய கேஜில் 6.4 இருந்தது. ஆக, 0.6 அங்கேயே போகிறது. மீதி 0.9 பைப்பிலும் கடைசி ஹோஸிலும் போகிறது. டேங்க் வாயிலிருந்து மெஷின் வரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இங்கே 0.7 போகவேண்டிய இடத்தில் 1.5 போகிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. சாப்பாட்டு நேரத்தில் எந்த மெஷினும் காற்று எடுக்காதபோது மூன்று கேஜையும் பாருங்கள். மூன்றும் ஒரே அளவு காட்டினால், வேலை நேரத்தில் தெரிந்தது ஓட்டத்தால் வரும் இழப்பு. அப்போதும் வித்தியாசம் இருந்தால் முதலில் கேஜைச் சந்தேகப்பட வேண்டும். ஓட்டம் இரட்டிப்பானால் இந்த இழப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். மெலிந்த ஹோஸும் அடைத்த ஃபில்டரும் மதியத்தைவிடப் பரபரப்பான ஷிஃப்டில் படுத்துவது அதனால்தான்.

சரி, எந்த வழி தேறுகிறது? ‘அழுத்த வீழ்ச்சி’ தேர்வுத் தாளில் அழகு. ஆனால் எது எங்கே விழுந்தது என்பதை அது சொல்வதில்லை. அதைப் படித்த ஃபிட்டர் உடனே கம்ப்ரஸரின் செட்டிங்கை 1 பார் ஏற்றிவிடுவார். 7 பார் பக்கத்தில் அந்த ஒரு பாருக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் மின்சாரம் போகும், அடைத்த ஃபில்டர் அப்படியே இருக்கும். ‘பிரஷர் டிராப்’ என்று விடுவதில் ஒரு வசதி உண்டு, சர்வீஸ் இன்ஜினியரோடு பேசும்போது அதே சொல் புழங்கும். ஆனால் குழப்பம் அதிலும் தீரவில்லை. அதனால் டேங்க்குக்கு ‘டேங்க் இறக்கம்’, பைப்புக்கு ‘வழி இழப்பு’ என்று பிரித்தேன். சர்வீஸ்காரர் இரண்டையுமே பிரஷர் டிராப் என்பார் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி. என் ஓட்டு இதற்குத்தான்.

ட்ரையர் பக்கத்திலும் இந்தப் பிரிவு கைகொடுத்தது. டேங்க் ட்ரையருக்கு முன்னால் மட்டும் இருந்தால், அந்த அரை நிமிட இழுப்பு முழுதும் ட்ரையர் வழியாகத்தான் பாய வேண்டும். அதன் தாங்கும் அளவை மீறினால் வழி இழப்பும் ஏறும், காற்றும் ஈரமாக வரும். ட்ரையருக்குப் பின்னால் இன்னொரு டேங்க் வைத்தால் உலர்ந்த காற்று அங்கேயே தயாராக இருக்கும். ‘டேங்க் இறக்கத்தை ட்ரையருக்குப் பின்னால் வாங்கிக்கொள், வழி இழப்பு குறையும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தது. ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுதினால், வீழ்ச்சியை வாங்கினால் வீழ்ச்சி குறையும் என்று வரும்.

அப்புறம் ட்யூ பாயிண்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகக் கட்டத் தொடங்கும் வெப்பநிலை. ‘3 டிகிரி ட்யூ பாயிண்ட்’ என்பதை ‘3 டிகிரி குளிர்ந்த காற்று’ என்று எழுதிவிடக் கூடாது. குளிர்பதன ட்ரையரிலிருந்து வெளியேறும் காற்றை உள்ளே வரும் சூடான காற்றே மறுபடி சூடேற்றிவிடும், பைப்பைத் தொட்டால் ஜில்லென்று இருக்காது. நான் எழுதியது: ‘பைப் 3 டிகிரிக்குக் கீழே குளிராதவரை உள்ளே தண்ணீர் கட்டாது.’ பெங்களூரு மார்கழிக் குளிரிலும் அந்த ஷாப்புக்கு அது போதும்.