அக்காவின் ஆரி வேலைக்கு எந்த முன்பக்கக் கேமரா: 32 மெகாபிக்சலா, ஆட்டோஃபோகஸா?

மதுரையில் என் அக்கா ஆரி வேலை செய்கிறார். கல்யாண பிளவுஸ்தான் அதிகம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்பதால் டிசைன் பேசுவது, கழுத்து வேலை எந்த அளவில் நிற்கிறது என்று காட்டுவது எல்லாமே வாட்ஸ்அப் வீடியோ காலில் நடக்கும். போன வருடம் ஒரு பிளவுஸில் கழுத்தைச் சுற்றி நூல் முடிச்சு போட்டிருந்தார். வீடியோ காலில் அதைப் பார்த்த பெண் சுகர் பீட்ஸ் என்ற பொடி மணி என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டார். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. பிரித்து மறுபடி போட மூன்று நாள் ஆயிற்று. அக்கா அப்போது வைத்திருந்த போனின் முன்பக்கக் கேமரா 32 மெகாபிக்சல். முகம் பளிச்சென்று தெரியும், ஆனால் கேமராவுக்கு அருகே எதைக் கொண்டுபோனாலும் மங்கிவிடும்.

அதனால் புதுப் போன் தேடும் வேலை என்னிடம் வந்தது. பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போன் ஸ்டாண்டில் இருக்கிறது, அக்காவின் ஒரு கை ஃப்ரேமுக்கு மேலே, இன்னொரு கை கீழே. பேசிக்கொண்டே துணியைத் தூக்கிக் காட்டி, எதிரே இருப்பவர் என்ன பார்க்கிறார் என்பதைத் திரையிலேயே கவனிக்க வேண்டும். முன்பக்கக் கேமராதான் இதற்குச் சரி.

கடைசியில் மூன்று போன்கள் மிஞ்சின. முதலாவது சாம்சங் கேலக்ஸி ஏ55: முன்னால் 32 மெகாபிக்சல், பெரிய சென்சார், ஆனால் ஃபோகஸ் நிலையானது. இரண்டாவது கூகுள் பிக்சல் 8ஏ: 13 மெகாபிக்சல், 96.5 டிகிரி அகலப் பார்வை, இதிலும் ஃபோகஸ் நிலையானதுதான். மூன்றாவது 2023-இல் வந்த கேலக்ஸி எஸ்23: 12 மெகாபிக்சல், சுமார் 80 டிகிரி, ஆட்டோஃபோகஸ் உண்டு. மூன்றிலும் ஒளி நுழையும் துளையின் அளவு எஃப்/2.2தான். நான் எஸ்23 வாங்கினேன்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீடியோ காலில் எதிர்முனைக்குப் போவது நல்ல நெட்வொர்க்கிலேயே சுமார் 1280 × 720 புள்ளிகள், அதாவது ஒரு மெகாபிக்சலுக்கும் குறைவு. மூன்று போன்களுமே அதைத் தாராளமாகத் தரும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஃபோகஸ்தான். நிலையான ஃபோகஸ் உள்ள முன்பக்கக் கேமராவில் லென்ஸ் நகராது. செல்ஃபிக்குக் கை நீட்டும் தூரத்தில், ஏறக்குறைய அரை மீட்டரில், படம் கூர்மையாக விழும்படி தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுவார்கள். முன்னேயோ பின்னேயோ விலகினால் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பரவும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பரவுவதில்லை. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று தள்ளிப் போனால் பரவல் மெதுவாகத்தான் கூடும். 720 காலில் அது கண்ணுக்கே படாது. பக்கத்தில் வரும்போதுதான் வேகமாகக் கூடும். முகத்தை மட்டும் பார்ப்பவர்கள் நிலையான ஃபோகஸில் எந்தக் குறையும் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சுகர் பீட் ஒன்றின் அளவு சுமார் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துணியைக் கேமராவிலிருந்து 15 சென்டிமீட்டரில் பிடித்தால், 80 டிகிரி லென்ஸில் அந்த மணி 720 படத்தில் ஏறக்குறைய 12 புள்ளி அகலம் வரும். மணிக்கு நடுவே ஓட்டை தெரிய, பளபளப்பு தெரிய, முடிச்சிலிருந்து பிரித்தறிய 12 புள்ளி போதும். ஆனால் ஃபோகஸ் அரை மீட்டரில் நிற்கிறதென்றால், ஏ55 போன்ற பெரிய சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 8 புள்ளி அகலத்துக்குப் பரவும். 12 புள்ளி மணிக்கு மேல் 8 புள்ளி மங்கல் படிந்தால் அது மணியா முடிச்சா என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, கொஞ்சம் தள்ளிப் பிடிக்கலாமே என்றால், 30 சென்டிமீட்டரில் மங்கல் பெரிதாகக் குறைந்து 2 புள்ளி அளவுக்கு வந்துவிடும். ஆனால் மணியும் பாதியாகி 6 புள்ளியாகிவிடும். அதற்கு மேல் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அந்த 6 புள்ளியில் என்ன மிஞ்சும்? கிட்டே போனால் மங்கல், தள்ளிப் போனால் மணி சிறிதாகிவிடும். நிலையான ஃபோகஸில் சின்னப் பொருளைக் காட்ட நல்ல தூரம் என்று ஒன்று அமையவே அமையாது. பழைய போனில் அக்கா துணியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்ததன் காரணம் இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சென்சார் அளவு விஷயத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான். பெரிய சென்சார் என்றால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோம். அதே பார்வைக் கோணத்தைப் பெரிய சென்சாரில் கொண்டுவர லென்ஸின் குவியத் தூரம் கூட வேண்டும். அது கூடக்கூட, அதே எஃப்/2.2-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். அதாவது ஆட்டோஃபோகஸ் இல்லாமல் சென்சாரை மட்டும் பெரிதாக்கினால், கிட்டே காட்டும் பொருள் இன்னும் மோசமாக மங்கும். சென்சார் பெரிதாகப் பெரிதாக ஆட்டோஃபோகஸின் தேவையும் கூடுகிறது.

பெரிய சென்சாருக்கு உரிய நன்மையையும் சொல்லிவிடுகிறேன். 32 மெகாபிக்சல் சென்சார் பொதுவாக 1/2.8 அங்குல வகை, எஸ்23-இல் இருப்பது சுமார் 1/3.2. பரப்பில் முன்னது மூன்றில் ஒரு பங்கு அதிகம். அந்த அளவுக்கு ஒளி அதிகம் பிடிக்கும், இரவு டியூப்லைட்டில் புள்ளி புள்ளியான இரைச்சல் சற்றுக் குறையும். ஆனால் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் விளக்கை 70 சென்டிமீட்டருக்கு நகர்த்தினாலே வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும். ஆரி வேலைக்கு எப்படியும் ஃப்ரேம் பக்கத்தில் விளக்கு இருக்கும். அதனால் அந்த மூன்றில் ஒரு பங்கை இழப்பதில் எனக்கு வருத்தமில்லை.

பிக்சல் 8ஏ-வை நான் சுலபமாகத் தள்ளவில்லை. அகல லென்ஸின் குவியத் தூரம் குறைவு, அதனால் கிட்டப் பொருள் மங்குவதும் குறைவு. அதே 15 சென்டிமீட்டர் கணக்கில் மங்கல் 4 புள்ளிதான் வருகிறது. ஆனால் அகலம் கூடினால் ஒவ்வொரு பொருளும் சிறிதாகும் என்பதால் மணியும் 9 புள்ளியாகச் சுருங்கிவிடும். 9-க்கு 4 என்பது 12-க்கு 8-ஐ விட நல்ல நிலைதான், இருந்தாலும் ஓட்டை தெரியாது. ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அந்தத் தூரத்தைப் பிடித்துவிட்டால் 12 புள்ளியும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் வீட்டில் நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து பேரப்பிள்ளையோடு பேசுவதுதான் முக்கிய வேலை என்றால் நான் 8ஏ-வைத்தான் வாங்குவேன். 80 டிகிரியில் ஓரத்தில் இருப்பவர் தோள் வெட்டுப்படும், 96 டிகிரியில் எல்லாரும் அடங்குவார்கள். படத்தின் ஓரத்தில் முகம் சற்று இழுபட்டுத் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம், ஆட்டோஃபோகஸ் இருந்தாலே வேலை முடிந்தது என்று இல்லை. முன்பக்கக் கேமரா முகத்தைத் தேடிப் பிடிக்கும். அக்கா துணியைக் கன்னத்தருகே பிடித்தால் ஃபோகஸ் முகத்திலேயே நின்றுவிடுகிறது. துணியைப் படத்தின் நடுவில், முகத்தை மறைக்கும்படி பிடித்தால் ஒரு நொடிக்குள் துணிக்கு வந்துவிடும். வேலையே இல்லாத வெறும் பட்டுத் துணியை மட்டும் காட்டினால் பிடித்துக்கொள்ளக் கோடோ விளிம்போ இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். மங்கிய வெளிச்சத்தில் இன்னும் அதிகம். அந்த நேரம் படம் மூச்சு விடுவது போலப் பெரிதாகிச் சிறிதாகும். கரையோ எம்பிராய்டரியோ படத்துக்குள் வந்தால் நின்றுவிடும். இதெல்லாம் எட்டு மாதம் வாட்ஸ்அப்பில் மட்டும் பார்த்தது, ஜூம், கூகுள் மீட் பக்கம் அக்கா போவதில்லை.

எஸ்23-இல் பேட்டரி 3900 எம்ஏஎச்தான், ஏ55-இல் 5000. அக்காவின் ஸ்டாண்டிலேயே சார்ஜர் இருப்பதால் சமாளிக்கிறோம். ஒரு வருடம் முந்தைய போன் என்பதால் அப்டேட் நிற்கும் நாளும் முன்னதாக வரும். பேருந்தில், வயலில் நின்று பேசுகிறவருக்கு இந்த இரண்டும் பெரிய விஷயம்தான்.

வாங்குமுன் விவரப் பட்டியலைப் பாருங்கள். சாம்சங் தன் தளத்தில் `Front Camera - Auto Focus` என்று தனி வரியே வைத்து Yes அல்லது No போட்டிருக்கும். கூகுள் `Fixed focus` அல்லது `Autofocus` என்று எழுதியிருக்கும். ஐபோனில் முன்பக்க ஆட்டோஃபோகஸ் 2022-இல் 14 வரிசையிலிருந்துதான் வந்தது, 13 வரை நிலையான ஃபோகஸ்தான். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனைச் சோதிக்க, கேமராவின் Camera2 விவரங்களைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, முன்பக்கக் கேமராவுக்கு நேரே `LENS_INFO_MINIMUM_FOCUS_DISTANCE` என்ன என்று பாருங்கள். 0 என்றால் லென்ஸ் நகராது. வேறு எண் இருந்தால் 100-ஐ அதால் வகுங்கள், கேமரா எத்தனை சென்டிமீட்டர் வரை கிட்டே பிடிக்கும் என்பது தோராயமாக வரும். 5 என்றால் 20 சென்டிமீட்டர், 10 என்றால் 10.

கடையில் என்றால் இன்னும் சுலபம். செல்ஃபி வீடியோவைத் திறந்து, பில்லோ விசிட்டிங் கார்டோ பொடி எழுத்துள்ள எதையாவது முகத்தை மறைக்கும்படி ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். பிறகு மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். ஆட்டோஃபோகஸ் இருந்தால் எழுத்து ஒரு கணம் மங்கித் திரும்பத் தெளியும், இல்லாவிட்டால் மங்கிக்கொண்டே போகும். நான் அக்காவின் ஆரி மாதிரித் துணி ஒன்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். கடையில் நின்றபடியே அக்காவுக்கு வீடியோ கால் போட்டு அதைக் காட்டியதும், மூன்றாவது வரிசையில் ஒரு பீட் விட்டுப்போயிருக்கிறது என்று அங்கிருந்தே சொன்னார்.