மாதத்துக்கு மூட்டையா, வாரத்துக்குப் பையா?

இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் படிக்க வந்த முதல் மாதம் இந்தியக் கடைகள் நிறைந்த பெல்கிரேவ் ரோடு பக்கம் போய் 10 கிலோ அரிசி, 10 கிலோ வெங்காயம், துவரம்பருப்பு, கட்டுக்கட்டாகக் கீரை என்று வாங்கி டாக்சியில் ஏற்றி வந்தேன். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது வீட்டில் பார்த்துப் பழகிய கணக்கு. இரண்டாம் பருவத்திலிருந்து வாரம் ஒருமுறை ஆல்டி, லிடில் என்று மலிவு சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு நடந்துபோய் ஒரு பை மட்டும் வாங்குகிறேன். என் ஓட்டு இப்போது இதற்குத்தான்.

அரிசி, பருப்புக்கு மட்டும் மூட்டையே மேல். மூடி இறுகிய டப்பாவில் போட்டுவைத்தால் போதும்.

மற்றதில் கணக்கை மாற்றியது விலை அல்ல, இடம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எனக்கென்று ஃபிரிட்ஜில் ஒரு தட்டு, ஃப்ரீசரில் ஒரு டிராயர். அந்த வெங்காய மூட்டை 6 பவுண்டு. வைக்க இடமில்லாமல் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். மேலே முளைவிட்டது, அடியில் அழுகி நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. 4 கிலோ குப்பைக்குப் போனது. தின்ற 6 கிலோவுக்கு 6 பவுண்டு, அதாவது கிலோ ஒரு பவுண்டு. சில்லறையாகவே ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்திருக்கும். டாக்சிக் காசை நான் சேர்க்கவே இல்லை. கீரையின் கதையைச் சொல்லாமல் விடுகிறேன்.

வாரப் பையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மஞ்சள் ஸ்டிக்கர். தேதி முடியப்போகும் பொருளுக்கு சூப்பர்மார்க்கெட்டுகள் ஒட்டும் தள்ளுபடிச் சீட்டு அது. எங்கள் பக்கத்துக் கடையில் இரவு ஏழு மணிக்கு மேல் விலை நன்றாக இறங்கும். கடைக்குக் கடை நேரம் மாறும். இதில் தேதியைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது ருசி குறையும் நாள், அதற்குப் பிறகும் பார்த்து, முகர்ந்து சாப்பிடலாம். ‘யூஸ் பை’ அப்படியில்லை, வாசனை நன்றாக இருந்தாலும் நாள் தாண்டினால் தொடக்கூடாது. ஆனால் அந்த நாள் முடிவதற்குள் ஃப்ரீசரில் வைத்துவிடலாம். ரொட்டியைத் துண்டுகளாகவே உறையவைத்து, அப்படியே டோஸ்டரில் போடுகிறேன்.

இதிலும் ஒரு பொறி உண்டு. மலிவு என்று ஒருநாள் நான்கு ரொட்டி தூக்கி வந்தேன், டிராயர் நிரம்பி, எடுத்துவைத்த சாம்பாருக்கு இடமில்லை. அதனால் இப்போது டிராயரைத் திறந்து பார்க்காமல் கடைக்குக் கிளம்புவதில்லை.

மீன், கறி வாங்குவோருக்கு இந்தக் கணக்கு எப்படி வரும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் முட்டையோடு நிற்கும் ஆள். தனி ஃப்ரீசர் உள்ளவர்களுக்கு மூட்டையே லாபமாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையை மட்டும் மாடி அறைத் தம்பியோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறேன்.